பிழைத்த பிள்ளைக்கும் ரிப்போர்ட் எழுது!

கும்மிடிப்பூண்டி வட்டாரத்து ஜனங்கள் 2021 ஜூலை மாதத்தை மறந்திருக்க மாட்டார்கள். புது கும்மிடிப்பூண்டி கோவில் குளத்துக்குப் போன பெண்களும் சிறுமிகளுமாக 5 பேர் ஒரே நேரத்தில் தண்ணீரில் மூழ்கிப் பலியானார்கள். ஆழத்தில் சிக்கியவர்களைக் காப்பாற்றப் போனவர்களும் அதில் அடக்கம். ஊரே கதறியது.

கோவில் குளத்தில் காவலுக்கு ஆள் கிடையாது. ஏரியிலும் கிடையாது, கல் குவாரி பள்ளத்திலும் கிடையாது. அதனால்தான் பெற்றோர் இப்போது, "நீச்சல் கத்துக்கணும்னா டிக்கெட் வாங்கிட்டு நீச்சல் குளத்துக்குப் போ. அங்கே லைப் கார்டு இருப்பான்" என்று பிள்ளைகளை அனுப்புகிறார்கள். சிப்காட்டில் ஷிப்ட் பார்க்கிற தகப்பனும், திருவள்ளூர் கடைத்தெருவில் வியாபாரம் பார்க்கிற தகப்பனும் ஞாயிற்றுக்கிழமை காசு கொடுத்து வாங்குவது தண்ணீரை அல்ல. கரையில் நிற்கிற அந்த ஒரு மனிதனின் கண்ணைத்தான் வாங்குகிறார்கள்.

சரி, அந்தக் குளத்தில் ஒரு பிள்ளை மூழ்கி விட்டது. லைப் கார்டு குதித்துத் தூக்கி விட்டார். வாயில் ஊதினார். பிள்ளை இருமியது, அழுதது. கூட்டம் கை தட்டியது. அடுத்து என்ன நடக்கிறது?

பல இடங்களில் ஒன்றும் நடப்பதில்லை! துண்டால் தலையைத் துவட்டி, ஒரு சோடா வாங்கிக் கொடுத்து, "ஒண்ணும் இல்லை, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று அனுப்பி விடுகிறார்கள். "எழுதி வெச்சா கேஸ் ஆயிடும்" என்ற பயம். செத்தால் போலீஸ் வரும், பத்திரிகை வரும், ரிப்போர்ட் வரும். பிழைத்தால் காகிதமே கிடையாது. இது தப்பு. பிழைத்த பிள்ளைக்குத்தான் ரிப்போர்ட் அவசரமாக வேண்டும். ஏன் என்று பார்ப்போம்.

ரிப்போர்ட் எப்படி இருக்க வேண்டும்?

நல்ல ரிப்போர்ட் ஒரு பக்கத்தில் அடங்கி விடும். உதாரணத்துக்கு ஒன்றைக் கற்பனையாக எழுதிப் பார்க்கலாம். பெயரும் வேண்டாம், ஊரும் வேண்டாம்.

"ஞாயிறு மாலை 4.50-க்கு, 8 வயதுப் பையன் ஆழப் பகுதி ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்தேன். 4.53-க்கு அவன் அக்கா 'தம்பியைக் காணோம்' என்று கத்தினாள். ஏணியிலிருந்து இரண்டு கஜம் தள்ளி, 8 அடி ஆழத்தில், தரையில் குப்புறக் கிடந்தான். குதித்துத் தூக்கிக் கரையில் போட்டபோது 4.54. உதடு நீலமாக இருந்தது. கூப்பிட்டேன், அசையவில்லை. மூச்சு இல்லை. வாயோடு வாய் வைத்து 5 தடவை ஊதினேன். ஐந்தாவது ஊதலில் இருமினான். வாந்தி எடுத்தான். ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். 4.55-க்கு கேஷியர் 108-க்குப் போன் செய்தார். 4.58-க்குத் தன் பெயரைச் சொன்னான். 5.14-க்கு ஆம்புலன்ஸ் வந்தது. அப்போதும் இருமல் நிற்கவில்லை, வேகமாக மூச்சு வாங்கினான். குளத்தில் சுமார் 60 பேர் இருந்தார்கள். டியூட்டியில் இருந்தது நான் ஒருவன். 4.50 முதல் 4.53 வரை கவுன்டரில் டோக்கன் சரிபார்த்துக்கொண்டிருந்தேன்."

இவ்வளவுதான். இதில் அலங்காரம் இல்லை. "துணிச்சலுடன் குதித்தேன்" என்று இல்லை. "கடவுள் அருளால்" என்றும் இல்லை. ஆனால் ஒவ்வொரு வரிக்கும் ஒரு வேலை இருக்கிறது.

எத்தனை நிமிஷம்?

முதல் வேலை நேரம். ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்கும் முதல் கேள்வியே, "எவ்வளவு நேரம் தண்ணிக்குள்ளே இருந்தான்?" என்பதுதான். காரணம் இருக்கிறது. உலக அளவில் சேர்த்த கணக்குப்படி, 5 நிமிஷத்துக்குள் எடுக்கப்பட்டவர்களில் நூற்றுக்குச் சுமார் 10 பேர்தான் சாகிறார்கள் அல்லது மூளை பெரிதாகப் பழுதாகிறார்கள். 6 முதல் 10 நிமிஷம் வரை உள்ளே கிடந்தால் அது நூற்றுக்கு 56 ஆக ஏறி விடுகிறது. ஐந்து நிமிஷ வித்தியாசத்தில் ஒரு பிள்ளையின் தலையெழுத்தே மாறிப் போகிறது.

ஆனால் கரையில் நிற்பவர்களைக் கேட்டால் ஒருவர் "அரை மணி நேரம்" என்பார். இன்னொருவர் "ஒரு செகண்டுதான்" என்பார். பதற்றத்தில் யாருக்கும் நேரம் தெரியாது. அதனால்தான் "எவ்வளவு நேரம் மூழ்கினான்" என்று கேட்கக் கூடாது. "கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? எங்கே பார்த்தீர்கள்?" என்று கேட்க வேண்டும். மேலே உள்ள ரிப்போர்ட்டில் கடைசியாகப் பார்த்தது 4.50. மேலே வந்தது 4.54. ஆக, அதிகபட்சம் 4 நிமிஷம். டாக்டருக்கு அது போதும்.

நேரத்தைக் கண்டுபிடிக்க வழியும் உண்டு. குளத்துச் சுவரில் பெரிய கடிகாரம் மாட்டியிருக்க வேண்டும். 108-க்குப் போன் செய்த நேரம் செல்போனிலேயே பதிவாகி இருக்கும். கேமரா இருந்தால் அதிலும் நேரம் ஓடும். ஆனால் கேமரா கடிகாரம் சரியாக இருக்கிறதா, எத்தனை நிமிஷம் முன்னே பின்னே ஓடுகிறது என்று அன்றைக்கே பார்த்து எழுதிவிட வேண்டும். ஒரு வாரம் கழித்துப் பார்த்துப் பயனில்லை.

மூச்சா, நெஞ்சா?

இரண்டாவது வேலை, கரையில் போட்டபோது பிள்ளை என்ன நிலையில் இருந்தது என்பது. இருமலா? வாயில் நுரையா? மூச்சு நின்று விட்டதா? மூச்சோடு இதயமும் நின்று விட்டதா?

இந்த நான்கு கேள்விக்கும் இவ்வளவு மதிப்பு எப்படி வந்தது தெரியுமா? லைப் கார்டுகள் எழுதிய ரிப்போர்ட்டால்தான் வந்தது! பிரேசில் நாட்டில் ரியோ டி ஜெனிரோ கடற்கரையில் லைப் கார்டுகள் 1972 முதல் 1991 வரை 41,279 மீட்புகளைப் பதிவு செய்து வைத்திருந்தார்கள். டேவிட் ஸ்பில்மேன் என்ற டாக்டர் அதிலிருந்து 1,831 பேரின் கதையை எடுத்துப் பிரித்துப் பார்த்து 1997-ல் வெளியிட்டார். வெறும் இருமலோடு வந்தவர்களில் ஒருவர்கூடச் சாகவில்லை. மூச்சு நின்று, நாடி மட்டும் ஓடிக்கொண்டிருந்தவர்களில் 100-க்கு 44 பேர் செத்தார்கள். நாடியும் நின்று போனவர்களில் 100-க்கு 93 பேர் செத்தார்கள்.

44 எங்கே, 93 எங்கே! இந்த இரண்டுக்கும் நடுவே இருப்பது சில நிமிஷம்தான். தண்ணீரில் மூழ்கியவருக்கு முதலில் நிற்பது மூச்சு. மூச்சு நின்றதால்தான் பிறகு இதயம் நிற்கிறது. நடுத்தர வயதுக்காரர் ஆபீசில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுவது வேறு, பிள்ளை குளத்தில் மூழ்குவது வேறு. ஆபீசில் விழுந்தவரின் ரத்தத்தில் இன்னும் கொஞ்சம் பிராணவாயு மிச்சம் இருக்கும். குளத்தில் மூழ்கிய பிள்ளைக்கு அதுதான் தீர்ந்து போயிருக்கிறது. அதனால் இங்கே நெஞ்சை அமுக்குவதற்கு முன்னால் மூச்சு கொடுக்க வேண்டும்.

தலையை மெல்லப் பின்னால் சாய்த்து, மோவாயைத் தூக்கி, மூக்கைப் பிடித்துக்கொண்டு, நெஞ்சு மேலெழும்பும் அளவுக்கு 5 தடவை ஊத வேண்டும் என்கிறது ஐரோப்பிய முறை. அமெரிக்க முறையில் 2 தடவை. இரண்டிலும் மூச்சுதான் முதல். அதற்கும் அசைவு இல்லையென்றால், நெஞ்சின் நடுவே 30 அமுக்கு, 2 மூச்சு என்று மாறி மாறி, ஆம்புலன்ஸ் வரும் வரை விடக் கூடாது. நெஞ்சின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு கீழே இறங்க வேண்டும். வேகம் நிமிஷத்துக்கு 100 முதல் 120. எப்போதோ ஒரு தடவை மீன் மாதிரி வாயைத் திறந்து மூடினால் அது மூச்சு அல்ல. அதைப் பார்த்து "மூச்சு வந்திடுச்சு" என்று கையை எடுத்தால் பிள்ளை போய் விடும்.

வயிற்றை அமுக்காதே!

நம் ஊரில் நடப்பது என்ன? பிள்ளையைக் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்குகிறார்கள். தோளில் போட்டுச் சுற்றுகிறார்கள். வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுக்கிறார்கள். வாயிலிருந்து தண்ணீர் கொட்டியதும் கூட்டம் "வந்திடுச்சு, வந்திடுச்சு" என்கிறது.

அது வயிற்றுத் தண்ணீர். வயிற்றுத் தண்ணீரால் யாரும் சாவதில்லை. நுரையீரலுக்குள் போவது பெரும்பாலும் கொஞ்சம் தண்ணீர்தான். அதை அமுக்கியோ கவிழ்த்தோ வெளியே எடுக்க முடியாது. வயிற்றை அமுக்கினால் சாப்பிட்ட சோறு மேலே வந்து மூச்சுக் குழாயில் இறங்கி விடும். தண்ணீரில் பிழைத்த பிள்ளை சோற்றில் செத்துப் போகும். அந்தச் சுற்றல், அமுக்கலில் போகும் ஒன்றிரண்டு நிமிஷம் இருக்கிறதே, அதுதான் 44-ஐ 93 ஆக்குகிற நிமிஷம்.

செல்போனில் பரவும் உப்பு வைத்தியம் இதைவிட மோசம். மூழ்கியவரை உப்பில் புதைத்தால் உயிர் வரும் என்று யாரோ கிளப்பி விட்டதை நம்பி, கர்நாடகத்தில் பெற்றோர் பிள்ளைகளின் உடலை மணிக்கணக்கில் உப்பில் வைத்துக்கொண்டு காத்திருந்த பரிதாபம் நடந்தது. உப்பு உயிரைக் கொண்டு வராது.

ரிப்போர்ட்டில் "ஐந்து தடவை ஊதினேன், ஐந்தாவதில் இருமினான்" என்ற வரி எதற்கு என்றால், செய்தது மூச்சா அமுக்கலா என்று டாக்டருக்குத் தெரிய வேண்டும் என்பதற்குத்தான். வயிற்றை யாராவது அமுக்கியிருந்தால் அதையும் ஒளிக்காமல் எழுத வேண்டும். நுரையீரலில் சோறு போயிருக்குமோ என்று அவர் முன்கூட்டியே பார்ப்பார்.

"நல்லா இருக்கான்"

மூன்றாவது வேலை, பிள்ளையை ஒப்படைத்த நேரத்து நிலை. பேசுகிறான், அம்மாவை அடையாளம் தெரிகிறது, ஐஸ்கிரீம் கேட்கிறான் என்றாலும், மூச்சு நின்று திரும்பிய பிள்ளை ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். வீட்டுக்கு அல்ல. நுரையீரலில் போன கொஞ்சத் தண்ணீரே, மூச்சுக் காற்று ரத்தத்தில் கலக்கும் நுண்ணிய பைகளைக் கெடுத்து விடும். அந்தக் கெடுதல் உடனே முழுசாகத் தெரியாது. அடுத்த சில மணி நேரத்தில் தெரியும். இருமல் நிற்காமல் வருவது, மூச்சு வாங்குவது, உதடு கறுப்பது, எழுப்பினாலும் தூங்கித் தூங்கி விழுவது எல்லாம் அதன் அடையாளம். லேசான கேஸ்களைக்கூட ஆறு முதல் எட்டு மணி நேரம் வைத்துப் பார்த்துத்தான் டாக்டர்கள் அனுப்புவார்கள்.

இதற்காகப் பெற்றோர் வாரக் கணக்கில் நடுங்க வேண்டியதில்லை. தண்ணீரில் விளையாடி ஒரு வாய் குடித்து இருமிய எல்லாப் பிள்ளைகளும் சாகப் போவதில்லை. நாள் முழுக்க நன்றாக ஓடியாடிய பிள்ளை நாலு நாள் கழித்துத் திடீரென்று சாகும் என்பது வெறும் பீதி. நாம் சொல்வது, நினைவு தப்பிய பிள்ளை, மூச்சு நின்ற பிள்ளை, இருமல் நிற்காத பிள்ளை இவர்களைப் பற்றித்தான்.

5.14-க்கு "இருமல் நிற்கவில்லை, வேகமாக மூச்சு வாங்கினான்" என்று ரிப்போர்ட்டில் இருந்தால், 7 மணிக்குப் பார்க்கிற டாக்டருக்கு அளவுகோல் கிடைக்கிறது. முன்னேறுகிறானா, இறங்குகிறானா என்று தெரியும். காகிதம் இல்லாவிட்டால் அவர் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

கடைசி வரி

நான்காவது வேலைதான் கசப்பானது. "4.50 முதல் 4.53 வரை கவுன்டரில் டோக்கன் சரிபார்த்துக்கொண்டிருந்தேன்." முதலாளி அடித்து விடச் சொல்வது இந்த வரியைத்தான். மற்ற எல்லா வரியும் அந்த ஒரு பிள்ளைக்கு. இந்த வரி அடுத்த ஞாயிறு வரப் போகிற பிள்ளைகளுக்கு.

மூழ்குகிற பிள்ளை "காப்பாத்துங்க" என்று கத்தாது. சினிமாவில் காட்டுவது பொய். மூச்சுக்கே வழியில்லாதபோது கத்த முடியாது. நியூயார்க்கில் ஆர்ச்சர்ட் பீச் லைப் கார்டாக இருந்த பிராங்க் பியா, மூழ்குகிறவர்களைப் படம் பிடித்து 1970-ல் இதைக் காட்டினார். வாய் தண்ணீர் மட்டத்தில் ஏறி இறங்கும். கைகள் பக்கவாட்டில் தண்ணீரை அமுக்கும். கையை வீசிக் கூப்பிட முடியாது. இப்படி மேலே இருப்பது 20 செகண்டிலிருந்து 60 செகண்ட். அப்புறம் உள்ளே போய் விடும். பக்கத்தில் இருப்பவர்கள் "விளையாடுறான்" என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

2005-ல் பிரிட்டனில், வேல்ஸ் பகுதியில் பேங்கர் என்ற ஊர்ப் பொது நீச்சல் குளத்தில் இதுதான் நடந்தது. 10 வயதுச் சிறுமி ஒருத்தி 3.8 மீட்டர் ஆழத்தில், அதாவது 12 அடிக்கும் மேல் ஆழமான பகுதியில் மூழ்கித் தரைக்குப் போய் விட்டாள். அந்தக் குளத்தில் தண்ணீருக்கடியில் கேமராவும், அசையாமல் கிடக்கும் உடலைக் கண்டுபிடிக்கும் கம்ப்யூட்டரும் வைத்திருந்தார்கள். அது மணி அடித்தது. லைப் கார்டு குதித்துத் தூக்கினார். சிறுமி பிழைத்தாள். லைப் கார்டு இருந்த இடத்திலேயே, மணி அடித்துத்தான் தெரிந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

அந்தக் கம்ப்யூட்டரை இங்கே வாங்கச் சொல்லவில்லை. அதற்கு லட்சக் கணக்கில் ஆகும். ஒரு நாற்காலிக்கு லட்சம் ஆகாது. ஆழப் பகுதியின் ஓரத்தில், உயரமான நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்து, தண்ணீரை மட்டும் பார்க்க வேண்டும். டோக்கன் வாங்கக் கூடாது. குளோரின் கொட்டக் கூடாது. செல்போன் பார்க்கக் கூடாது. நீச்சல் கற்றுக் கொடுக்கவும் கூடாது. தரையில் இருக்கும் வடிகால் மூடி கரையிலிருந்து தெளிவாகத் தெரியாத அளவுக்குத் தண்ணீர் கலங்கியிருந்தால் அன்றைக்குக் குளத்தை மூட வேண்டும். தரை தெரியாத குளத்தில் லைப் கார்டு இருந்தும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

ஒரே ஆள் மூன்று வேலை பார்த்தால் அது யார் தப்பு? எழுதினால்தானே தெரியும்! எழுதாவிட்டால், அடுத்த தடவை பிள்ளை செத்தால் முதலில் கைதாகிறவர் அந்த லைப் கார்டுதான். "எங்க ஆளு தூங்கிட்டான்" என்று முதலாளி கை காட்டி விடுவார். மாதச் சம்பளத்துக்கு வந்த அந்த இளைஞருக்கு இந்தக் காகிதம் எதிரி அல்ல. அவருக்கு இருக்கிற ஒரே சாட்சி.

என்ன செய்யலாம்?

காசு வாங்கும் ஒவ்வொரு குளத்திலும், அரசு குளமானாலும் தனியார் குளமானாலும், பக்க எண் அச்சடித்த பைண்டு நோட்டு ஒன்று இருக்க வேண்டும். பக்கத்தைக் கிழித்தால் தெரிய வேண்டும். கார்பன் வைத்து மூன்று பிரதி. ஒன்று பிள்ளையோடு ஆம்புலன்சில் போக வேண்டும். ஒன்று குளத்திலேயே இருக்க வேண்டும். ஒன்று மறுநாள் காலைக்குள் உள்ளாட்சி சுகாதாரப் பிரிவுக்குப் போக வேண்டும். அன்றைக்கே, அந்த லைப் கார்டு கையாலேயே எழுத வேண்டும். மேனேஜர் எழுதி அவர் கையெழுத்துப் போடுவது ரிப்போர்ட் ஆகாது.

லைசென்ஸ் பார்க்க வரும் அதிகாரி தண்ணீரில் குளோரின் அளவைப் பார்க்கிறார், டாய்லெட் பார்க்கிறார். இனி அந்த நோட்டையும் கேட்டு வாங்கிப் பார்க்கட்டும். "ஒரு சம்பவமும் இல்லை சார்" என்று வெறும் நோட்டை நீட்டினால் சந்தோஷப்பட வேண்டாம். கோடை விடுமுறை முழுக்கக் கூட்டம் நெரிந்த குளத்தில் ஒரு பிள்ளைகூடத் தடுமாறவில்லை என்றால், நோட்டைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

திருவள்ளூர் ரயிலிலும் கும்மிடிப்பூண்டி ரயிலிலும் இதைப் படித்துக்கொண்டு வீடு திரும்பும் தகப்பன்மார்களும் ஒன்று செய்யலாம். அடுத்த ஞாயிறு டிக்கெட் வாங்கும்போது, "லைப் கார்டு யாருப்பா? எங்கே உக்காந்திருக்கார்?" என்று கேளுங்கள். டிக்கெட் கிழித்த அதே ஆள் "நான்தான் சார்" என்றால், பிள்ளையின் கையை விடாதீர்கள்.

மாவட்ட நிர்வாகம் நோட்டுப் புத்தகத்துக்கு உத்தரவு போடுமா?